ஹெலிகாப்டர் பணமும் ‘அட்-ஹாக்’ உண்டியலும்

2020 ஏப்ரலில் தெலங்கானா முதல்வர் கே. சந்திரசேகர ராவ், பொதுமுடக்கத்தால் வருவாய் இழந்த மாநிலங்களை மீட்க ‘ஹெலிகாப்டர் பணம்’ வேண்டும் என்றார். அதையும் மத்திய வங்கிகளின் பெருமளவுப் பத்திரக் கொள்முதலையும் ஒரே பொருளில் அவர் வழங்கினார். இவ்விரண்டும் ஒன்றல்ல. இவற்றுக்கு இடையில் நிற்கும் மூன்றாவது ஒன்றையோ இந்தியா நாற்பதாண்டுகளுக்கு மேல் கடைப்பிடித்தது. அதுவே கடனைப் பணமாக்கல்.

1955ஆம் ஆண்டின் ஏற்பாட்டின்படி ரிசர்வ் வங்கியில் மத்திய அரசின் ரொக்க இருப்பு வெள்ளிக்கிழமைகளில் 50 கோடி ரூபாய்க்கும், மற்ற நாட்களில் 4 கோடிக்கும் குறையக் கூடாது. குறைந்தால் 91 நாள் ‘அட்-ஹாக்’ கருவூல உண்டியல் தானாகவே பிறக்கும். வங்கி அதைப் பெற்றுக்கொண்டு அரசின் கணக்கில் பணத்தை வரவு வைக்கும். மறுக்கும் உரிமை வங்கிக்கு இல்லை, ஏலமும் இல்லை. 1974 முதல் வட்டி 4.6 விழுக்காட்டிலேயே நின்றது. தவணை முடிந்ததும் பழைய உண்டியலின் இடத்தில் புதியது வந்தது. எவ்வளவு பணம் உருவாக வேண்டும் என்பதை வங்கியன்றி அரசின் பற்றாக்குறையே முடிவு செய்தது.

1994 செப்டம்பரில் அரசும் ரிசர்வ் வங்கியும் செய்த உடன்பாட்டின் வழியே இம்முறை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1997இல் முடிவுக்கு வந்தது. எஞ்சிய உண்டியல்கள் அவ்வாண்டு ஏப்ரல் 1 அன்று முதிர்வுத் தேதியற்ற, 4.6 விழுக்காடு வட்டியுள்ள சிறப்புப் பத்திரங்களாயின. 91 நாள் கடன், திருப்பித் தரும் நாளே குறிக்கப்படாத கடனாயிற்று. வங்கி பெறும் வட்டியும் உபரியாக அரசுக்கே திரும்பும் என்பதால், ஹெலிகாப்டர் பணத்துக்கு இந்தியா மிக அருகில் சென்ற கட்டம் இதுவே எனலாம். எனினும் இது கொடையன்று. ஏட்டில் கடன் இருந்தது. பின்னாளில் இப்பத்திரங்கள் சந்தையில் விற்கத்தக்கவையாக மாற்றப்பட்டு, மிகைப் பணத்தை உறிஞ்சும் கருவியாயின. 1969இல் மில்டன் ஃப்ரீட்மன் கற்பனை செய்த ஹெலிகாப்டர் பணத்திலோ விற்பதற்குப் பத்திரமே இராது. பணம் மக்கள் கைக்குப் போய்விடும். அதைத் திரும்பப் பெற வங்கியிடம் ஏதுமில்லை.

2021இல் ரிசர்வ் வங்கி நடத்திய ‘ஜி-சாப்’ கொள்முதல் வேறு வகை. முதல் காலாண்டுக்கு 1 லட்சம் கோடி ரூபாய் என அறிவித்து, ஏற்கெனவே பிறரிடம் இருந்த பத்திரங்களை வங்கி வாங்கியது. பணம் விற்றவருக்குச் சென்றது; அரசின் கடன் அப்படியே நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் வங்கி அதனை நிறுத்தவும் முடிந்தது.

ஆகவே ‘நோட்டு அச்சிடுகிறார்களா’ என்ற கேள்வி இம்மூன்றையும் பிரித்துக் காட்டாது. வங்கியால் மறுக்க முடியுமா, வாங்கியதைத் திரும்ப விற்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளே காட்டும். ஜி-சாப் இரண்டுக்கும் ‘ஆம்’ என்கிறது. ஆனால் தொகையை முன்கூட்டியே வாக்களித்ததால் முதல் ‘ஆம்’ சற்றே தளர்ந்தது. பெயரை விட அந்தத் தளர்ச்சியே கவனத்துக்குரியது. அட்-ஹாக் முறையும் தற்காலிக ஏற்பாடு என்ற பெயரில்தான் நாற்பதாண்டுகள் நீடித்தது.