ஒரு ‘லாம்’ போதும்

அக்கா மகள் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோடு வந்து நின்றாள். முடிவுரைப் பக்கம் முழுக்க கைடு போட்ட சிவப்பு மை. “கிராமர் தப்பே இல்ல சித்தி. வெள்ளிக்கிழமைக்குள்ள திருத்தித் தரணுமாம். எதைத் திருத்தறது?” என்றாள். அழாத குறை.

வாங்கிப் பார்த்தேன். இலக்கணம் சரிதான். 60 மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்திருக்கிறாள். இரவில் அதிக நேரம் போன் பார்ப்பதாகச் சொன்னவர்கள், குறைவாகத் தூங்குவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். இதை வைத்து, ‘போன் தூக்கத்தைக் குறைக்கிறது என இந்த ஆய்வு நிரூபிக்கிறது’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டாள். ‘புரூவ்ஸ்’ என்ற சொல்லைச் சுற்றித்தான் பெரிய வட்டம்.

“தூக்கம் வராததால போனை எடுத்தவங்களும் அந்த 60 பேர்ல இருக்கலாம் இல்லையா?” என்று கேட்டேன். யோசித்தாள்.

வானம் கறுத்தால் நாம் ‘மழை வரலாம்’ என்போம். ‘வரும்’ என்று அடித்துச் சொல்ல மாட்டோம். அந்த ‘லாம்’தான் ஆங்கிலத்தில் ‘மே’. ‘புரூவ்ஸ்’ போய் ‘மே பி லிங்க்ட்’ வந்தது. அதாவது, தொடர்பு இருக்கலாம்.

உடனே பயந்துபோய் ‘பெர்ஹாப்ஸ்’, ‘பாசிபிளி’ இரண்டையும் அதே வரியில் சேர்த்தாள். “போதும்மா! மூணு ‘இருக்கலாம்’ சேர்ந்தா, உனக்கே நம்பிக்கை இல்லைன்னு ஆயிடும்” என்று தடுத்தேன். ஒரு கருத்துக்கு ஒரு ‘லாம்’ போதும். 60 பேரிடம் கேட்டது நடந்த உண்மை. அதற்கு அதுவும் வேண்டாம்.

அடுத்த வட்டம் காலம். கேட்டது, கணக்கிட்டது எல்லாம் முடிந்த வேலை. அதனால் இறந்தகாலம், ‘வி சர்வேட்’. அட்டவணையோ இப்போதும் ரிப்போர்ட்டில் இருந்து நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது; அதனால் நிகழ்காலம், ‘டேபிள் 2 ஷோஸ்’. இவள் இரண்டையும் மாற்றி எழுதியிருந்தாள்.

கடைசியாக, எட்டு வரிக்கு ஒரே வாக்கியம். தமிழில் ‘கேட்டு, எழுதி, பிரித்து, கூட்டி’ என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கடைசி வினைச்சொல் எல்லாவற்றையும் முடித்து வைக்கும். ஆங்கிலத்தில் அதையே ‘அண்ட்’ போட்டுக் கோத்தால், யார் எதைச் செய்தார்கள் என்பதே தொலைந்துவிடும். அதை மூன்றாக வெட்டினோம்: யாரிடம் கேட்டோம், என்ன சொன்னார்கள், அதற்கு என்ன பொருள் இருக்கலாம். சத்தமாகப் படித்துப் பார்த்தாள். எங்கேயும் மூச்சு வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். “கைடு கையெழுத்து போட்டுட்டாங்களாம். ஆனா ‘போனாலதான் உன் தூக்கம் கெடுது’ன்னு திட்டினா, ‘கெடலாம்னு சொல்லும்மா’ங்கறா. நீ என்னடி சொல்லிக் கொடுத்த?”