புதன் மதியம் 12 மணிக்குள்…

செவ்வாய்க்கிழமை காலை, மதுரையில் ஓர் ஓட்டல் முதலாளியின் செல்போனில் இரண்டு மின்னஞ்சல்கள் வந்து நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே இயற்கை விவசாயிகளின் கூட்டுறவுகள் அனுப்பியவை.

முதல் மெயிலின் தலைப்பு, ‘நஞ்சில்லா உணவு, நலமான வாழ்வு’. உள்ளே மண்ணின் பெருமை மூன்று பத்திக்கு ஓடுகிறது. கடைசியில், ‘தேவைக்குத் தொடர்புகொள்ளவும்’. அவர் அதை மூடிவிடுகிறார். நாளை மறுநாள் சாம்பாருக்குத் தக்காளி வருமா, வராதா? அது அதில் இல்லை.

இரண்டாவது மெயில், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகளுடையது. தலைப்பிலேயே விஷயம் இருக்கிறது: ‘வியாழன் அறுவடை: தக்காளி 60 கிலோ. ஆர்டர் புதன் மதியம் 12 மணிக்குள்.’

உள்ளே அந்த 60 கிலோவை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். செங்காய் 30 கிலோ, பழம் 30 கிலோ. காரணம் இருக்கிறது. கடைக்காரருக்கு மூன்று நாள் தட்டில் நிற்கும் செங்காய் வேண்டும். ஓட்டலுக்கோ அன்றே ரசத்துக்குக் கரைக்கிற பழம் வேண்டும். வெறுமனே ‘தக்காளி’ என்று எழுதினால், இரண்டு பேரில் ஒருவர் நிச்சயம் திருப்பி அனுப்புவார்.

புதன் மதியத்துக்குள் ஆர்டர் வந்துவிடுகிறது. நான்கு கிளை வைத்திருக்கும் மளிகைக்கடைக்குச் செங்காய் 28 கிலோ. ஓட்டலுக்குப் பழம் 25 கிலோ.

அன்று இரவு மழை. பல நாள் காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென்று தண்ணீர் இறங்கினால், தோல் விரிவதைவிட வேகமாக உள்சதை பருக்கும், பழம் வெடிக்கும். செங்காய் பெரும்பாலும் தப்பிவிட்டது. பழத்தில் முழுசாகத் தேறியது 12 கிலோதான். 13 கிலோவில் காம்புப் பக்கம் கீறல். மீதி 5 கிலோ எருக்குழிக்கு.

சோதனை இங்கேதான். சற்றுத் தள்ளிப் போனால் ஒட்டன்சத்திரம் சந்தை. அங்கே 13 கிலோ வாங்கிக் கூடையில் கலந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? பார்வைக்கு ஒரே தக்காளிதானே!

கூட்டுறவின் பொறுப்பாளர் கலக்கவில்லை. வண்டி கிளம்புவதற்கு முன், காலை 6 மணிக்கே போனில் எடுத்த படத்தோடு இன்னொரு மெயில் அனுப்புகிறார்: ‘முழுப் பழம் 12 கிலோ. வெடித்தது 13 கிலோ, பாதி விலை, இன்றே பயன்படுத்தவும். வேண்டாம் என்றால் 7 மணிக்குள் சொல்லவும்.’

ஓட்டல்காரரே போன் செய்கிறார்.

“எப்படியும் அரைக்கத்தானேம்மா போறோம்? ரெண்டையும் அனுப்பும்மா. ஆனா கூடை தனித்தனியா இருக்கணும்.”

“சரிங்க சார், வெடிச்ச கூடையில சீட்டு ஒட்டியே அனுப்புறோம்.”

வெடித்த பழம் மறுநாளே பூஞ்சை பிடிக்கும் என்பதால்தான் அந்தத் தனிக்கூடை.

அந்த மெயிலில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே இன்னொரு சின்ன வரி இருந்தது. செங்காய்க்கு, ‘பி.ஜி.எஸ். ஆர்கானிக்’. பழத்துக்கு, ‘பி.ஜி.எஸ். கிரீன்’. பி.ஜி.எஸ். என்பது, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சரிபார்க்கும் இந்திய அரசின் சான்று முறை. ரசாயனத்தை நிறுத்தியும், மாற்றக் காலம் முடியாத நிலத்துக்குக் ‘கிரீன்’. அது முடிந்த பிறகே ‘ஆர்கானிக்’.

இதை வாங்குபவர் பார்த்தே ஆக வேண்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் 2017-ம் ஆண்டு விதிப்படி, ஆர்கானிக் என்று சொல்லி விற்க பி.ஜி.எஸ். அல்லது என்.பி.ஓ.பி. சான்று தேவை. சிறு விவசாயி வீட்டுக்காரர்களுக்கு நேரடியாக விற்றால் விலக்கு உண்டு. ஓட்டலுக்கும் கடைக்கும் விற்கும்போது அந்த விலக்கு பொருந்தாது. ஆக, மளிகைக்கடை தன் செங்காயை ஆர்கானிக் என்று விற்கலாம். ஓட்டலோ அந்த வாரம் மெனு கார்டில் ‘ஆர்கானிக் தக்காளி ரசம்’ என்று போட முடியாது.

சந்தைத் தக்காளியைக் கலக்காததற்கும் இதுவே காரணம். கலந்த அந்த நிமிடமே, சீட்டில் எழுதிய சான்று பொய்யாகிவிடும். மாட்டிக்கொள்ளப் போவது கூட்டுறவு மட்டும் அல்ல. அதை நம்பித் தன் வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்தவரும்தான்.

இப்படி மெயில் வந்தால், ஓட்டல்காரர் கேட்டு வாங்க வேண்டியது சான்றிதழின் நகல். அதில் மூன்றைப் பார்த்தால் போதும்: குழுவின் பெயர், சான்றின் நிலை, முடியும் தேதி. மழைக்காலத்திலும் ஒரு கிலோகூடக் குறையாமல் வாராவாரம் அதே அளவு வந்துகொண்டே இருந்தால், அப்போது இன்னொரு கேள்வியும் கேட்கலாம்.

“இது எந்த வயல்ல விளைஞ்சதும்மா?”