சேர்ந்து முதுமையடைய ஒரு மன்றாட்டு

பேலியகொடையில் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு மாமாவும் மாமியும் கலியாணம் செய்து ஐம்பது வருடம் நிறைந்தது. நன்றித் திருப்பலியில் பங்கு மக்கள் சார்பாக என்னைப் பேசும்படி கேட்டார்கள். மறையுரை குருவுக்கோ தியாக்கோனுக்கோ உரியது. ஆகவே பொதுநிலையினர் ஒருவர் பேசுவதென்றால், நற்கருணைக்குப் பிந்திய மன்றாட்டு முடிந்து இறுதி ஆசீருக்கு முன்பு வரும் இடைவெளிதான் அதற்கான நேரம். அந்த வேளையில் பிள்ளைகள் களைத்திருப்பார்கள், வயதானவர்களுக்கு இருக்க முடியாமல் இருக்கும். நான்கு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது.

திருமண ஆண்டு நிறைவுச் சடங்கை முதலில் வாசித்துப் பார்த்தேன். ஒருமுறை கொடுத்த திருமணச் சம்மதத்தைத் திருச்சபை இன்னொருமுறை வாங்குவதில்லை. அருளடையாளம் திரும்ப நடப்பதில்லை. மறையுரைக்குப் பிறகு தம்பதியர் தங்கள் உறுதியை மௌனமாக மனத்தில் புதுப்பிக்கிறார்கள். வாய்விட்டுச் சொல்வதானால், இவரை எனக்குத் துணையாகத் தந்தீரே என்று கணவனும் மனைவியும் தனித்தனியே கடவுளைப் போற்றுகிறார்கள். இருபது வயதில் வாக்குக் கொடுத்தவர்கள், எழுபதில் நன்றி சொல்கிறார்கள். பேச்சும் அந்தத் திசையிலேயே போகவேண்டும் என்று பட்டது. தம்பதியரைப் பாராட்டப் போனால் பிள்ளைகளின் பட்டங்களும் உத்தியோகங்களும் வரிசையாக வந்துவிடும். அவர்களுக்காக நன்றி சொல்லப் போனால் கடவுள் அவர்களுக்கு என்ன செய்தார் என்ற கதைதான் வரும்.

அந்தக் கதைக்குத் தோபித்து நூலை எடுத்தேன். வந்திருந்த உறவினரில் பாதிப்பேர் மெதடிஸ்த சபையினர். அவர்களுடைய விவிலியத்தில் அந்த நூல் இல்லை. நம்மவர்களிலும் பலருக்கு அது நினைவில் இராது. ஆகவே வசன எண்களை விட்டுவிட்டுக் கதையாகவே சொன்னேன்.

சாராவுக்கு முன்பு ஏழுமுறை கலியாணம் நடந்தது. ஏழு மாப்பிள்ளைகளும் முதலிரவிலேயே இறந்தார்கள். எட்டாவதாக வந்தவர் தோபியா. அன்றிரவு சாராவின் தகப்பன் இரகுவேல் வேலையாட்களைக் கூப்பிட்டுக் குழி வெட்டச் சொன்னார். மருமகன் இறந்துவிட்டால் விடியமுன் யாருக்கும் தெரியாமல் புதைத்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம். அதற்கு முன்பே, அறைக்கதவு மூடியதும், உள்ளே மணமக்கள் படுக்கையைவிட்டு எழுந்து நின்று செபித்தார்கள். எங்கள்மேல் இரக்கம் வையும், நாங்கள் சேர்ந்து முதுமையடையச் செய்யும் என்று தோபியா கேட்டார். இருவரும் ஆமென் சொல்லிவிட்டுப் படுத்தார்கள். பணிப்பெண் விளக்கோடு போய்ப் பார்த்தபோது இருவரும் நித்திரை. இரகுவேல் கடவுளைப் புகழ்ந்து, பொழுது விடியமுன் குழியை மூடச் சொன்னார்.

இதைச் சொல்லிவிட்டு மாமா மாமி பக்கம் திரும்பினேன். "உங்களுக்கும் அப்படி ஓர் இரவு இருந்தது" என்றேன். 1983 யூலையில் அயலிலிருந்த சிங்களக் குடும்பமொன்று இவர்களையும் கைக்குழந்தையையும் பின்னறையில் வைத்துப் பூட்டிக் காப்பாற்றியது. இவர்களுடைய வீடு எரிந்தது. கலியாண மோதிரங்களும் போயின. அந்தக் குடும்பத்து அக்கா அன்று மூன்றாவது வாங்கில் இருந்தார். அவரைப் பார்த்துச் சிங்களத்தில் ஒரு வசனம் நன்றி சொன்னேன். இந்தச் சம்பவத்தைச் சபையில் சொல்லலாமா என்று மாமியிடம் முதலே கேட்டிருந்தேன். "சொல்லும் தம்பி, ஆனா அழப்பண்ணாதையும்" என்றிருந்தார். அதனால் நெருப்பைப் பற்றி அந்த ஒரு வசனத்தோடு நிறுத்தினேன். இப்படியான பேச்சுகள் பழுதாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பட்ட துயரத்தை விரித்துக்கொண்டே போனால் விழா அஞ்சலிக் கூட்டமாகிவிடும். அதை முற்றிலும் விட்டுவிட்டாலோ, சபைக்குத் தெரிந்த மனிதர்களைப் பற்றிய பேச்சாக அது இராது.

மோதிரத்துக்கும் சடங்கில் இடமுண்டு. பழைய மோதிரங்கள் இருந்தால் அவற்றுக்குத் தூபம் காட்டி மதிப்புச் செய்யலாம்; புதியவை என்றால் குரு மந்திரிப்பார். இவர்களுக்குப் பிள்ளைகள் புதியவை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். சற்று முன்புதான் அவை மந்திரிக்கப்பட்டிருந்தன. "தோபியா கேட்டது உங்களுக்குக் கிடைத்தது. அதைத் தந்தவருக்கு உங்களோடு சேர்ந்து நாங்களும் நன்றி சொல்கிறோம்" என்று முடித்தேன். சபை முழுவதும் ஆமென் என்றது. மெதடிஸ்த உறவினர் கொஞ்சம் பலமாகவே சொன்னார்கள்.

துணையை இழந்தவர்களும் அந்த வாங்குகளில் இருந்தார்கள். சேர்ந்து முதுமையடையக் கேட்டும் கிடைக்காதவர்கள் அவர்கள். ஐம்பது வருடம் நல்ல வாழ்க்கைக்கான கூலி என்ற தொனி பேச்சில் வந்திருந்தால் அவர்களுக்குக் குத்தியிருக்கும். தோபியாவும் எதையும் உரிமையாகக் கேட்கவில்லை, இரக்கம் என்றுதான் கேட்டார். நானும் அந்தச் சொல்லை விட்டு விலகவில்லை. பூசை முடிந்ததும் கணவனை இழந்த ஓர் அம்மா வந்து, அந்தக் கதை எந்த நூலில் இருக்கிறது என்று கேட்டுத் துண்டுக் கடதாசியில் எழுதுவித்துக்கொண்டு போனார்.