லேப்டாப் சார்ஜரை எந்நேரமும் சொருகி வைப்பவர்களுக்கு



2020-இல் வீட்டிலிருந்து வேலை என்று வந்ததிலிருந்து என் அண்ணன் மகனின் லேப்டாப் மேசையை விட்டு நகரவில்லை. சார்ஜரையும் கழற்றியதில்லை. புதிதில் நாலு மணி நேரம் நின்ற பேட்டரி, இப்போது கரண்ட் போனால் ஒன்றரை மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. "சித்தப்பா, பேட்டரியை நான் பயன்படுத்தவே இல்லையே, எப்படித் தேயும்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். கமாண்ட் பிராம்ப்ட்டில் இதை அடிக்கச் சொன்னேன்:

```
powercfg /batteryreport
```

விண்டோஸ் ஒரு அறிக்கைக் கோப்பு தயாரித்து, அது எங்கே இருக்கிறது என்றும் காட்டும். அதில் இரண்டு வரிகள் போதும். DESIGN CAPACITY 45,000 mWh என்றிருந்தது. FULL CHARGE CAPACITY 19,800. அதாவது பிறந்தபோது இருந்ததில் 44 சதவீதம்தான் மிச்சம்.

சார்ஜர் அளவுக்கு மீறி ஏற்றிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நிரம்பியதும் உள்ளே இருக்கும் சுற்று ஏற்றுவதை நிறுத்திவிடும். சிக்கல் நிரம்பிய நிலையிலேயே இருப்பதில்தான். 100 சதவீதத்தில் ஒவ்வொரு லித்தியம் செல்லும் சுமார் 4.2 வோல்ட்டில் நிற்கிறது. அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் திரவம் மெல்ல மெல்லச் சிதைகிறது. சூடு அதை விரைவுபடுத்தும்; நம்ம மதுரை சித்திரை வெயிலைச் சொல்லவா வேண்டும்? சிதைவில் வாயு உண்டாகி பேட்டரி உப்பவும் செய்யும். டச்பேட் மேலெழும்பினாலோ அழுத்த முடியாமல் போனாலோ அடிப்பாகத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உப்பியதைக் குத்தவோ அமுக்கவோ கூடாது, சார்ஜும் போடக்கூடாது.

இதற்கு மருந்து, 80 சதவீதத்தில் நிறுத்துவது. லெனோவோவில் Vantage செயலிக்குள் Conservation Mode என்றிருக்கும். சில பழைய மாடல்களில் அது 60-இலேயே நிறுத்தும். ஆசஸில் MyASUS-க்குள் Battery Health Charging. டெல், ஹெச்பி மாடல்கள் பலவற்றில் பயாஸ் அமைப்பிலேயே உண்டு. போன கொள்ளளவு இதனால் திரும்ப வராது. மிச்சமிருப்பது மெதுவாகத் தேயும், அவ்வளவுதான்.

"கரண்ட் கட்டானால் 80 போதுமா?" என்று கேட்பீர்கள். புதிய பேட்டரியில் 80 சதவீதம் என்பது 36,000. தேய்ந்ததில் நூறு சதவீதமே 19,800தான். வெளியூர் போகும் நாளுக்கு முதல் நாள் இரவு மட்டும் வரம்பை எடுத்துவிடலாம். பூஜ்யம் வரை இறக்கி ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு, இதற்குப் பொருந்தாது.

எனக்குள்ள வருத்தம் வேறு. இந்த வரம்பைத் தயாரிப்பாளர்கள் ஏன் பெட்டியைத் திறக்கும்போதே போட்டுத் தருவதில்லை? செயலிக்குள் நாலு படி தள்ளி ஒளித்து வைக்கிறார்கள். 2011 முதல் நம் பிள்ளைகளுக்கு அரசு லேப்டாப் கொடுத்தது. பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். இனி கொடுப்பவற்றிலாவது 80-இல் வைத்தே கொடுக்கட்டும், வேண்டுமென்பவர் ஏற்றிக்கொள்ளட்டும்.

அந்த இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு கமெண்ட்டில் போடுங்கள். வகுத்துப் பார்ப்பது என் வேலை.