வீடியோ தொடங்கும்போதே சொல்லுங்கள்: தமிழ்ச் சேனல் நடத்துவோரிடம் பார்வையாளர்களின் கோரிக்கைச் சாசனம்

உடல்நலம், கனவுப் பலன், ஜோதிடம் பற்றித் தமிழில் வீடியோ போடும் எல்லாச் சேனல்களுக்கும் பார்வையாளர்களாகிய நாங்கள் இதை முன்வைக்கிறோம். உங்கள் வீடியோவை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நம்பிப் பார்க்கிறார்கள். அது எந்த வகைப் பேச்சு, அதை நம்பி எதைச் செய்யக்கூடாது என்பதைத் தெரிந்துகொள்வது எங்கள் உரிமை.

முதல் கோரிக்கை, பொறுப்புத் துறப்பு வரி தமிழில் இருக்க வேண்டும், வாயால் சொல்லப்பட வேண்டும். இப்போது பல சேனல்களில் அது ஆங்கிலத்தில், வீடியோவுக்குக் கீழே உள்ள விளக்கப் பகுதியின் அடியில் கிடக்கிறது. 'மேலும்' என்பதைத் தொட்டு, கடைசிவரை இறக்கிப் பார்த்தால்தான் கண்ணில் படும். அடுப்படியில் வேலை செய்துகொண்டே காதால் கேட்பவருக்கு அது இல்லாததற்குச் சமம். விளம்பரங்களுக்காக மத்திய அரசு 2022இல் கொண்டுவந்த நெறிமுறைகளே, எந்த மொழியில் சொல்கிறீர்களோ அந்த மொழியில்தான் துறப்பும் இருக்க வேண்டும் என்கின்றன. பத்து விநாடி கூட ஆகாத வேலைக்கு ஏன் இத்தனை காலம்?

அடுத்து, வரி குறிப்பாக இருக்க வேண்டும். 'கல்வி நோக்கத்துக்காக மட்டும்' என்பது யாரையும் காப்பாற்றாது. சர்க்கரை நோய்க்கு வெந்தயத் தண்ணீர் சொல்லும் வீடியோவை எடுத்துக்கொள்வோம். அதில் வெந்தயத்தைவிட ஆபத்தானது, 'இனி மாத்திரையே வேண்டாம்' என்று பார்ப்பவர் தாமாக முடிவுகட்டிவிடுவது. முதல் வகைச் சர்க்கரை நோயில் உடலில் இன்சுலின் அநேகமாகச் சுரப்பதே இல்லை. அந்த நோயாளி ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளில் ரத்தத்தில் அமிலம் ஏறி, வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்து வந்துவிடும். ஆகவே அந்த வீடியோவுக்கு நாங்கள் கேட்கும் வரி இது: "நான் மருத்துவர் அல்ல. இது பொதுத் தகவல். இதைப் பார்த்துவிட்டு உங்கள் மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தாதீர்கள், குறைக்காதீர்கள். உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்." பேசுபவர் மருத்துவராக இருந்தால் என்ன படித்தவர், எந்தத் துறை என்பதையும் சொல்ல வேண்டும். நலவாழ்வு பற்றிப் பேசும் பிரபலங்களுக்கு 2023 ஆகஸ்டில் வந்த அரசு நெறிமுறைகளும் இவ்விரண்டையும் கேட்கின்றன.

வரி நிற்கும் இடமும் முக்கியம். வீடியோவின் தொடக்கத்தில் ஒருமுறை சொல்லுங்கள். மருந்தோ பரிகாரமோ சொல்லும் நேரம் முழுவதும் திரையிலும் வையுங்கள். ஏனென்றால் அந்தத் துண்டைத்தான் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஷார்ட்ஸில் திரையின் அடிப்பகுதியைத் தலைப்பும் பொத்தான்களும் மறைத்துவிடும். அதனால் வரியை மேல்பாதியில் போடுங்கள்.

கனவுப் பலன் வீடியோக்கள் பயத்தை விதைக்கின்றன. பல் விழுவதாகக் கனவு கண்டால் வீட்டில் சாவு என்று கேட்டவர் பல நாள் உறங்குவதில்லை. "இது வழிவழியாகச் சொல்லப்படும் நம்பிக்கை, நடக்கப்போவதை இது காட்டாது. கெட்ட கனவு வாரக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்தால் மருத்துவரைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் மாத்திரைகளில் சில கெட்ட கனவை வரவழைக்கும். பரிகாரம் தேடி அலைபவருக்கு, மருத்துவர் மாத்திரையை மாற்றினாலே நிம்மதி வரக்கூடும்.

ஜோதிடத்தை நம்புவோரின் நம்பிக்கையில் நாங்கள் தலையிடவில்லை. ராசிபலன் என்பது ஒரே ராசிக்காரர்கள் கோடிக்கணக்கானோருக்கும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பலன் என்பதை ஜோதிடர்களே அறிவார்கள். அதை வீடியோவிலும் சொல்லட்டும். "இதை வைத்து ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், கடன் வாங்காதீர்கள்" என்ற வாக்கியமும் கட்டாயம் வேண்டும். குடல்வால் வீங்கித் துடிப்பவருக்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தால் அது வயிற்றுக்குள்ளேயே வெடித்துவிடலாம். பரிகாரத்துக்குக் கட்டணம் உண்டென்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

துறப்பு வரி போட்டுவிட்டால் பொய்யும் சொல்லலாம் என்பதை ஏற்கமாட்டோம். 'சர்க்கரையை வேரோடு ஒழிக்கும்' என்று தலைப்பில் எழுதிவிட்டுக் கீழே 'மருத்துவரை அணுகவும்' என்றால் தலைப்புதான் ஜெயிக்கும். தவறான வாக்கைத் துறப்பு வரியால் திருத்த முடியாது என்று 2022 நெறிமுறைகளே சொல்கின்றன. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அப்படிப்பட்ட தலைப்புகளையும் முகப்புப் படங்களையும் மாற்றுங்கள்.

பழைய வீடியோக்களுக்குள் புதிதாகக் குரல் சேர்க்க முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் விளக்கப் பகுதியின் முதல் வரியை மாற்றலாம், அதே வரியைக் கருத்துப் பகுதியின் உச்சியில் பொருத்தி வைக்கலாம். அதிகம் பேர் பார்த்த வீடியோக்களிலிருந்து தொடங்கி இந்த மாதத்துக்குள் இதை முடியுங்கள். புதிய வீடியோக்களுக்கு அவகாசம் எதுவும் தேவையில்லை. நாளை போடும் வீடியோவிலேயே வரி இருக்க வேண்டும்.