மீட்டிங் சுருக்கம் வேலைக்கு மட்டும், அப்ரைசலுக்கு அல்ல

தென்காசி அலுவலகத்திலும், குற்றாலத்தில் வீட்டிலிருந்தும் வேலை பார்க்கும் அனைவருக்கும்,

வரும் திங்கட்கிழமை முதல் நம் ஆன்லைன் மீட்டிங்குகளின் சுருக்கத்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் எழுதித் தரும். செய்தி தெரிந்ததும் பலர் கேட்டது ஒரே கேள்விதான்: "நாங்க பேசுறதெல்லாம் அப்ரைசல்ல வந்து நிக்குமா?" நிற்காது. நிற்கவும் கூடாது.

மென்பொருள் முதலில் பேச்சை எழுத்தாக்குகிறது. பிறகு எந்தக் குரல் யாருடையது என்று பிரித்து, கடைசியில் சுருக்குகிறது. மூன்றிலும் தவறு நேரலாம். ஒருவர், "சர்வர் ரெடியாச்சுன்னா வெள்ளிக்கெழம குடுத்துருதேன்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுருக்கத்தில், "வெள்ளிக்கிழமை தர ஒப்புக்கொண்டார்" என்று வந்துவிடலாம். நிபந்தனை உதிர்ந்து வாக்குறுதி மட்டும் மிஞ்சும். நான்கு பேர் ஒரே மைக்கில் பேசினால் அந்த வாக்குறுதி பக்கத்தில் இருந்தவர் பெயரில்கூட ஏறலாம். இப்படிப்பட்ட ஒன்றை வைத்து ஒருவரின் சம்பள உயர்வைத் தீர்மானிப்பது அநியாயம்.

சட்டம் இதைத் தடுத்துவிடும் என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலை தொடர்பான தேவைகளுக்காக ஊழியரின் தரவை அவருடைய ஒப்புதல் இல்லாமலே பயன்படுத்த முதலாளிக்கு இடம் தருகிறது. அந்த இடத்தை நாங்கள் பயன்படுத்த மாட்டோம். ஆகவே எல்லையை நாமே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மீட்டிங் தொடங்கும்போது அதை நடத்துபவர் சுருக்கம் எடுப்பதை வாய்விட்டுச் சொல்வார். ஒரே ஒருவர் வேண்டாமென்றாலும் நிறுத்தப்படும். காரணம் கேட்க மாட்டோம். ஒலிப்பதிவு சுருக்கம் தயாரானதும் அழிக்கப்படும். முழு எழுத்துப்படி ஏழு நாள் இருக்கும். அதற்குள், கலந்துகொண்ட யாரும் தம் பெயரில் உள்ள வரியைத் திருத்தலாம். யார் எத்தனை நிமிடம் பேசினார், எந்தத் தொனியில் பேசினார் என்று கணக்கிடும் வசதிகளை அணைத்துவிட்டோம். அப்ரைசல், புகார், மேலாளரோடு தனியாகப் பேசுவது ஆகியவற்றில் இந்த மென்பொருளுக்கு இடமே கிடையாது.

சாரல் சீசனில் குற்றாலத்து வீடுகளில் விருந்தாளிகள் நிறைந்திருப்பார்கள். அவர்கள் பேச்சும் மைக்கில் விழும். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அப்படி விழுந்தது எழுத்துப்படியில் தெரிந்தால் ஏழு நாள் காத்திருக்காமல் உடனே அழிக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சிஸ்டம் அட்மினால் எந்த எழுத்துப்படியையும் திறந்து பார்க்க முடியும். அந்த வசதியை முழுதாக நீக்க வழியில்லை. ஆனால் திறந்தது யார், எப்போது என்பது பதிவாகும். அந்தப் பதிவை ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் இருவர் மாதந்தோறும் பார்ப்பார்கள். அந்த இருவரில் மேலாளர் எவரும் இருக்கக் கூடாது. பெயர்களைத் திங்கட்கிழமைக்கு முன் தாருங்கள். அவர்கள் பொறுப்பேற்கும்வரை மென்பொருளை இயக்க மாட்டோம்.

— மேலாளர்