முதல் விடையும் முழு வரிசையும்

தேடல் முடிவுகளின் வரிசையை மதிப்பிடும் அளவைகளில் இரண்டு நம் துறையில் அன்றாடம் புழங்குகின்றன. ஒன்று தலைகீழித் தரவரிசைச் சராசரி, எம்.ஆர்.ஆர். என்று சுருக்கிச் சொல்கிறோம். மற்றொன்று தள்ளுபடிக் குவிவுப் பயன், அதாவது டி.சி.ஜி. ஆய்வுக் கட்டுரைகளில் இவ்விரண்டும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த பத்திகளில் அச்சாகின்றன. ஆனால் அவை அளப்பது ஒன்றையல்ல. ஒரே முடிவுப் பட்டியலைப் பற்றி இரண்டும் நேர்மாறாகத் தீர்ப்புச் சொல்வதும் உண்டு.

எம்.ஆர்.ஆர். பரவலானது 1999-இல் நடந்த எட்டாவது டிரெக் மாநாட்டின் வினா-விடைப் பிரிவால். எல்லன் வூர்ஹீஸ் நடத்திய அப்பிரிவில் ஒவ்வொரு வினாவுக்கும் ஐந்து விடைகள் வரை தரலாம். சரியான முதல் விடை எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த எண்ணின் தலைகீழிதான் மதிப்பெண்: முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 0.5, நான்காமிடத்துக்கு 0.25. ஐந்திலும் சரியான விடை இல்லையென்றால் 0. எல்லா வினாக்களுக்கும் கூட்டிச் சராசரி எடுத்தால் எம்.ஆர்.ஆர். கிடைக்கும்.

ஒரே ஒரு சரியான பக்கத்தைத் தேடிப் போகும் இடத்துக்கு இந்த அளவை பொருந்தும். கூத்தாநல்லூர் நகராட்சி அலுவலகத்தின் பக்கத்தைத் தேடுபவருக்கு வேண்டியது அந்த ஒரு பக்கம்தான். இங்கே தேடுபொறி தடுமாற ஒரு காரணமும் இருக்கிறது. அதே திருவாரூர் மாவட்டத்தில், பூந்தோட்டம் அருகே, சரஸ்வதி கோயிலால் பெயர்பெற்ற கூத்தனூர் இருக்கிறது. எழுத்துப் பிழைகளைத் தாராளமாகப் பொறுத்துக்கொள்ளும் தேடுபொறி, ரோமன் எழுத்தில் ஊர்ப்பெயரைத் தட்டியவரிடம் கூத்தனூர்க் கோயில் பக்கங்களை முன்னால் வைத்துவிடும். கூத்தாநல்லூர் பின்னுக்குப் போகும்.

இப்படிப்பட்ட மூன்று தேடல்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்: நகராட்சி அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம், அஞ்சல் குறியீடு. தேடுபொறி அ, சரியான பக்கத்தை முறையே 1, 4, 4 ஆகிய இடங்களில் தருகிறது. தேடுபொறி ஆ மூன்றிலும் 2-ஆம் இடத்தில் தருகிறது. அ-வின் மதிப்பெண்கள் 1, 0.25, 0.25, சராசரி 0.5. ஆ-வின் சராசரியும் 0.5. அ-வில் ஒருமுறை உடனே கிடைக்கிறது, இருமுறை கூத்தனூர்ப் பக்கங்களைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. ஆ-வில் எப்போதும் ஒரே ஒரு பக்கத்தைத் தாண்டினால் போதும். எம்.ஆர்.ஆருக்கு இரண்டும் சமம்.

இதற்குக் காரணம் தலைகீழியின் இயல்பு. முதலிடத்திலிருந்து இரண்டாமிடத்துக்கு இறங்கினால் 0.5 குறைகிறது. இரண்டாமிடத்தில் இருந்த விடை பட்டியலிலேயே இல்லாமல் போனாலும் அதே 0.5-தான் குறைகிறது. ஒரு படி தள்ளிக் கிடைப்பதும் கிடைக்காமலே போவதும் பயனருக்கு ஒன்றல்ல. ஜெர்மானிய ஆய்வாளர் நார்பர்ட் ஃபூர் 2017-இல் இதையே முக்கியக் குறையாக எடுத்துக்காட்டி, இந்த மதிப்புகளைச் சராசரி எடுப்பதே தவறு என்று வாதிட்டார். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்றே தோன்றுகிறது. ஆனால் எம்.ஆர்.ஆர். சராசரியைத் தனியே நிறுத்துவது போதாது. எத்தனை தேடல்களில் சரியான பக்கம் முதலிடத்தில் வந்தது, எத்தனையில் முதல் பத்துக்குள் வரவே இல்லை என்ற இரு எண்ணிக்கைகளும் அதன் பக்கத்தில் இருந்தால்தான் படம் தெளிவாகும்.

பல பக்கங்கள் பயன்படக்கூடிய தேடல்களில் இதைவிடப் பெரிய சிக்கல் வருகிறது. சம்பாப் பருவத்தில் ஒருவர் 'நெல் குலைநோய்' என்று தேடுகிறார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பக்கம், நாளிதழ்ச் செய்தி, அறிகுறிப் படங்கள் எனப் பலவும் வரும். கேழ்வரகையும் குலைநோய் என்றே அழைக்கப்படும் நோய் தாக்குவதால், சொல்லை மட்டும் ஒப்பிடும் தேடுபொறி கேழ்வரகுப் பக்கங்களையும் சேர்த்துக் கொண்டுவரும். இங்கே பொருத்தம் என்பது உண்டு, இல்லை என்ற இரண்டோடு முடிவதில்லை. அறிகுறியும் கட்டுப்பாடும் முழுமையாகச் சொல்லும் நெல் பக்கத்துக்கு 3, அறிகுறி மட்டும் சொல்வதற்கு 2, நோய் பரவிய செய்திக்கு 1, கேழ்வரகுப் பக்கத்துக்கு 0 என்று மதிப்பீட்டாளர் தரம் குறிக்கிறார்.

இப்படித் தரப்படுத்திய பொருத்தத்துக்காகவே பின்லாந்தின் தாம்பெரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கலெர்வோ யார்வெலினும் யானா கெக்காலாயினனும் டி.சி.ஜி.யை உருவாக்கினார்கள். 2000-இல் முதலில் வெளியிட்டு, 2002-இல் விரிவாக எழுதினார்கள். ஒவ்வொரு பக்கத்தின் தரத்தையும் அது நிற்கும் இடத்துக்கேற்ற மடக்கையால் வகுத்து, மேலிருந்து கீழாகக் கூட்டிக்கொண்டு போவதே முறை. இன்று பெரும்பாலும் வழங்கும் வடிவம் இது:

```
DCG@k  = Σ rel_i / log2(i + 1),   i = 1 … k
nDCG@k = DCG@k / IDCG@k
```

முதல் ஐந்து இடங்களின் எடை இதன்படி 1, 0.631, 0.5, 0.431, 0.387. கீழே போகப் போக எடை குறைந்தாலும் தலைகீழியைப் போலச் சடாரென விழுவதில்லை. கீழ் வகுத்தியான IDCG என்பது, அத்தேடலுக்கு மதிப்பிடப்பட்ட பக்கங்கள் எல்லாவற்றையும் தர இறங்குவரிசையில் அடுக்கினால் கிடைக்கும் உச்ச மதிப்பு.

குலைநோய்த் தேடலுக்கு மூன்று பக்கங்கள்தான் பொருத்தமானவை என்றும், அவற்றின் தரங்கள் 3, 2, 1 என்றும் வைத்துக்கொள்வோம். தேடுபொறி அ-வின் முதல் ஐந்து தரங்கள் 1, 0, 0, 3, 2. தேடுபொறி ஆ-வின் தரங்கள் 0, 3, 2, 1, 0. அ-வின் டி.சி.ஜி. 1 + 1.292 + 0.774 = 3.066. ஆ-வின் டி.சி.ஜி. 1.893 + 1 + 0.431 = 3.324. உச்ச மதிப்பு 3 + 1.262 + 0.5 = 4.762. ஆக, இயல்பாக்கிய மதிப்பு அ-வுக்கு 0.644, ஆ-வுக்கு 0.698. ஆ முந்துகிறது.

இதே பட்டியல்களுக்குத் தலைகீழி மதிப்பெண் கணக்கிட்டால் அ-வுக்கு 1, ஆ-வுக்கு 0.5. வெறும் செய்தித் துணுக்கு ஒன்று முதலிடத்தில் நிற்பதால் அ இருமடங்கு பெறுகிறது. தரம் 2-ஐயும் அதற்கு மேற்பட்டதையும் மட்டுமே பொருத்தம் எனக் கொள்வோம் என்று எல்லையை ஒரு படி உயர்த்தினால் அ-வுக்கு 0.25, ஆ-வுக்கு 0.5 என்று தீர்ப்பு புரண்டுவிடுகிறது. தரவும் மாறவில்லை, தேடுபொறியும் மாறவில்லை. மாறியது அந்த எல்லை மட்டுமே. அந்த எல்லையைச் சொல்லாத எம்.ஆர்.ஆர். எண்ணை யாரும் சரிபார்க்க முடியாது.

டி.சி.ஜி.யிலும் சொல்லாமல் விடப்படும் தேர்வுகள் உண்டு. முதலாவது, தரத்தை அப்படியே எடுப்பதா, 2^rel − 1 என்று பெருக்குவதா என்பது. 2005-இல் கிறிஸ் பர்ஜஸும் சக ஆய்வாளர்களும் ரேங்க்நெட் கட்டுரையில் பயன்படுத்திய இந்த இரண்டாம் வடிவத்தில் தரம் 3-க்கு மதிப்பு 7, தரம் 2-க்கு 3, தரம் 1-க்கு 1. மேற்கண்ட அதே பட்டியல்களுக்கு இப்போது அ 0.551, ஆ 0.676. வெற்றியாளர் அதேதான் என்றாலும், இடைவெளி 0.054-லிருந்து 0.125-ஆக, இருமடங்குக்கும் மேல் விரிந்துவிடுகிறது. ஒரு கட்டுரை ஒரு வடிவத்தையும் மற்றொன்று மறு வடிவத்தையும் எடுத்திருந்தால் அவற்றின் எண்களை ஒப்பிடுவதில் பொருளில்லை.

இரண்டாவது, மடக்கையின் வடிவம். யார்வெலினும் கெக்காலாயினனும் கொடுத்த மூல வடிவத்தில், இட எண் மடக்கையின் அடிமானத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை தள்ளுபடியே இல்லை. அடிமானம் 2 என்றால் முதல் இரு இடங்களுக்கும் ஒரே எடை. அவற்றை இடம் மாற்றி வைத்தாலும் மதிப்பு மாறாது. அடிமானத்தைக் கூட்டினால் பொறுமையாகக் கீழே வரை பார்க்கும் பயனரை அளவை உருவகிக்கும். இன்றைய i + 1 வடிவத்திலோ முதலிடமும் இரண்டாமிடமும் வேறுபடுகின்றன. ஆனால் அடிமானத்தை மாற்றினாலும் இயல்பாக்கும்போது அது இருபுறமும் அடிபட்டுப் போகிறது.

மூன்றாவதே மிகுந்த சேதம் விளைவிப்பது. சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் IDCG-யைக் கணக்கிடும்போது, தேடுபொறி கொடுத்த பட்டியலையே தர வரிசையில் மறுஅடுக்கு செய்து வகுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் 1, 0, 0, 0, 0 என்ற பட்டியலுக்கு முழு மதிப்பெண் 1 கிடைக்கும். தரம் 3, தரம் 2 பக்கங்களைத் தவறவிட்டதற்குத் தண்டனையே இருக்காது. சரியாக வகுத்தால் அதன் மதிப்பு 1 ÷ 4.762 = 0.21 தான். நூலக நிரல்களும் இதிலிருந்து காப்பாற்றா: கிடைத்த பக்கங்களின் தரங்களை மட்டும் சைக்கிட்-லேர்னின் ndcg_score-க்குக் கொடுத்தால் அதே தவறுதான் நேரும். மதிப்பு சந்தேகத்துக்கிடமாக உயர்ந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

சராசரியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஏதோ ஒரு தேடலுக்கு ஒன்றுமே தராத தேடுபொறிக்கு அத்தேடலில் 0 விழ வேண்டும். ஆனால் trec_eval நிரலை இயல்பாக ஓட்டினால், முடிவு தந்த தேடல்களை மட்டுமே சராசரியில் சேர்க்கும். தெரியாத தேடல்களில் மௌனமாக இருந்துவிடும் தேடுபொறி இதனால் ஆதாயம் அடைகிறது. எல்லாத் தேடல்களையும் சேர்க்க -c விருப்பம் வேண்டும்:

```
trec_eval -c -m recip_rank -m ndcg_cut.10 qrels run
```

தமிழ்த் தேடலுக்குக் கூடுதலான ஒரு கவலை உண்டு. மதிப்பீட்டாளர் பார்க்காத பக்கத்துக்கு இவ்விரு அளவைகளும் வழக்கமாக 0 என்றே கொள்கின்றன. பழைய தேடுபொறிகள் கொண்டுவந்த பக்கங்களைத் திரட்டித்தான் மதிப்பீடு நடந்திருக்கும். அவை ரோமன் எழுத்துத் தேடலுக்குத் தமிழ் எழுத்துப் பக்கங்களைக் கொண்டுவரவே இல்லையென்றால், அதைச் சரியாகச் செய்யும் புதிய தேடுபொறி முதலிடத்திலேயே 0 வாங்கும். இந்திய மொழிகளுக்காக 2008-இல் தொடங்கிய ஃபயர் அரங்கு, 2013-இல் எழுத்துப்பெயர்ப்புத் தேடலைத் தனிப் பணியாக எடுத்ததற்கு இந்த எழுத்துக் கலப்பே காரணம். அங்கே இந்திப் பாடல் வரித் தேடலுக்கு இரு அளவைகளுமே பயன்பட்டன. பழைய மதிப்பீட்டுத் திரட்டைக் கொண்டு புதிய தமிழ்த் தேடுபொறியைச் சோதிப்பவர்கள், முதல் பத்து இடங்களில் எத்தனை பக்கங்கள் மதிப்பிடப்படாதவை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பத்தில் மூன்று நான்கு அப்படி இருந்தால் அந்த எண்ணை நம்பாமல் அப்பக்கங்களை மதிப்பிடுவதே வழி.

இவ்விதழுக்குக் கட்டுரை அனுப்புவோர் எம்.ஆர்.ஆர். மதிப்போடு பொருத்த எல்லையையும் வெட்டுமிடத்தையும் தர வேண்டும். டி.சி.ஜி. மதிப்போடு பயன் வடிவத்தையும், IDCG எந்தப் பக்கங்களிலிருந்து வந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். தேடல்வாரியான மதிப்புகளைத் தனிக் கோப்பாக இணைத்தனுப்பினால் மதிப்புரைஞர்கள் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்க இயலும்.